பெட்டியில் வரும் சைக்கிளைப் பூட்டுதல்

பெட்டியில் வரும் சைக்கிளில் பெரும்பாலும் முன்சக்கரம், ஹேண்டில்பார், சீட், பெடல்கள் ஆகியவற்றை மட்டுமே மாட்ட வேண்டியிருக்கும். பெட்டிக்குள் அடங்குவதற்காக முன் ஃபோர்க்கைச் சில சமயம் பின்புறமாகத் திருப்பி வைத்திருப்பார்கள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கானால் அது முன்பக்கம் வரும்படி ஃபோர்க்கைத் திருப்பிய பிறகே ஹேண்டில்பாரைப் பூட்ட வேண்டும். தண்டு உள்ளே செருகும் வகையானால், அதில் பொறித்த குறைந்தபட்ச அளவுக்கோடு வெளியே தெரியக் கூடாது. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருகினால், அது தனியே அசையக் கூடாது.

அதிகம் கெடுவது பெடலில்தான். வலது பெடலில் R, இடதில் L என்று இருக்கும். வலது பெடல் கடிகார முள் திசையில் இறுகும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இறுகும். மரையில் சிறிது கிரீஸ் தடவி, முதல் நாலைந்து சுற்றைக் கையாலேயே சுற்ற வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே முரண்டுபிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். அப்போது ஸ்பேனரால் அழுத்தினால், அலுமினியக் கிராங்க்கின் மரை அழிந்துவிடும். கழற்றி, நேராக வைத்து மீண்டும் தொடங்குவதே வழி.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில், கட்டைகள் ரிம்மில் மட்டுமே பட வேண்டும். டயரில் உரசினால் அது கிழியும். கேபிளை இழுத்துப் பிடித்து, கட்டைக்கும் ரிம்முக்கும் இருபுறமும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நட்டை இறுக்க வேண்டும். லீவரை முழுக்க அழுத்தும்போது அது கைப்பிடியைத் தொட்டால் கேபிள் தளர்வு. லீவரருகே உள்ள திருகை வெளிப்புறமாகச் சுற்றினால் கேபிள் இறுகும். புதுக் கேபிள் சில நாள் ஓட்டத்தில் தளரும். அப்போதும் இதே திருகு போதும்.