பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கழற்றும் சக்கரம்

ஆக்டிவா போன்ற கியரில்லாத ஸ்கூட்டர்களில் பின்சக்கரத்தின் நட்டு வண்டியின் வலப்பக்கம், சைலன்சருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதனால் சக்கரத்தைக் கழற்றும் வேலை சைலன்சரில்தான் தொடங்குகிறது. அது நன்றாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். சமதரையில் மெயின் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். இன்ஜினோடு சைலன்சர் சேரும் இடத்தில் உள்ள நட்டுகளையும், பின்னால் தாங்கிப் பிடிக்கும் போல்ட்டுகளையும் கழற்றினால் சைலன்சர் கைக்கு வந்துவிடும்.

அடுத்தது நடு நட்டு. பின்சக்கரம் தரையைத் தொடாததால், ஸ்பேனரைத் திருப்பினால் சக்கரமும் கூடவே சுற்றும். ஒருவர் இடதுகைப் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நீளக் கைப்பிடி போட்ட சாக்கெட்டால் நட்டைத் தளர்த்த வேண்டும். பிரேக் அட்ஜஸ்டரை முதலிலேயே தளர்த்திவிட்டால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வழியிருக்காது. நட்டு விட்டுக்கொடுத்த பின்தான் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். பிறகு இரு கைகளாலும் அசைத்து இழுத்தால் சக்கரம் டிரம்மோடு கழன்றுவரும். பிரேக் ஷூக்கள் வண்டியிலேயே நின்றுவிடும்.

வெளியே தெரியும் அச்சில் நீளவாக்கில் பற்கள் இருக்கும். இன்ஜினின் விசை இவற்றின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. நட்டு தளர்ந்து ஓடிய வண்டியில் இந்தப் பற்களும் சக்கரத்தின் உட்பற்களும் தேய்ந்து முனை மழுங்கியிருக்கும்; ஆக்சிலேட்டரைத் திருகும்போதெல்லாம் 'டக்' என்று கேட்பதும் அதனால்தான். தேய்ந்துபோன பல்லை எவ்வளவு இறுக்கினாலும் சரிப்படுத்த முடியாது. பாகத்தை மாற்றத்தான் வேண்டும். பற்களில் மெலிதாக கிரீஸ் தடவலாம். ஷூவிலோ டிரம்மிலோ அது ஒட்டக்கூடாது. பிரேக் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பது நுரையீரலுக்கு நல்லது.

மாட்டும்போது சக்கரத்தை லேசாகத் திருப்பிப் பார்த்தால் பற்கள் பொருந்தி உள்ளே போகும், சுத்தியலுக்கு வேலையில்லை. வாஷரைப் போட்டு நட்டைக் கையால் ஏற்ற வேண்டும். தானே பிடித்துக்கொள்ளும் வகை நட்டு விரலாலேயே கடைசிவரை சுலபமாக ஏறினால், அதன் பிடிப்பு போய்விட்டது. புதியது வாங்க வேண்டும். இப்போது அட்ஜஸ்டரைச் சற்று இறுக்கி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நட்டை முழுதாக முறுக்க வேண்டும். 110 சி.சி. வண்டிகளுக்கு இது ஏறத்தாழ 100 முதல் 120 நியூட்டன் மீட்டர். அந்தந்த மாடலின் அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். 120 என்பது 30 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் சுமார் 40 கிலோ அழுத்தம். டார்க் ரெஞ்ச் இருந்தால் ஊகம் தேவைப்படாது.

பிறகு பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும். லீவரில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். பிடியை விட்டதும் சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும். அட்ஜஸ்டர் நட்டின் பள்ளம் பின்னில் சரியாக உட்காராவிட்டால், ஓட்டத்தில் அது இடம் மாறி லீவர் தளர்ந்துவிடும்.

கடைசியாக சைலன்சர். இன்ஜின் பக்கத்து கேஸ்கெட்டைப் புதிதாக வைத்து, எல்லா நட்டுகளையும் போல்ட்டுகளையும் கையால் ஏற்றிய பின், முதலில் இன்ஜின் பக்கம், அப்புறம் தாங்கு போல்ட்டுகள் என்று முறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் குழாய் கோணலாக இழுபட்டு, இணைப்பில் புகை கசியும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி, ஆட்டம் இல்லை என்று பார்த்த பிறகே ஸ்டாண்டை எடுக்கலாம்.