பென் டிரைவைப் போன் படிக்காதபோது

போனை கம்ப்யூட்டரில் இணைக்கும்போது கம்ப்யூட்டர்தான் எஜமான். போன் அதற்குக் கட்டுப்பட்ட கருவி. பென் டிரைவை இணைக்க வேண்டுமானால் அந்த எஜமான் வேலையைப் போனே ஏற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய வைப்பது ஓடிஜி கேபிள். பழைய மைக்ரோ யுஎஸ்பி கேபிளில் நான்காவது பின் தரைக் கம்பியோடு சேர்க்கப்பட்டிருக்கும். டைப்-சி அடாப்டரில் அதே வேலையை 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்று செய்கிறது. அதை உணர்ந்த பிறகே போன் தன் பேட்டரியிலிருந்து 5 வோல்ட்டை வெளியே விடும். சாதாரண சார்ஜர் கேபிளின் முனையில் ஒரு இணைப்பியை மாட்டி பென் டிரைவைச் செருகினால் எதுவும் நடக்காததற்கு இதுதான் காரணம். கேபிளில் கம்பிகளெல்லாம் சரியாக இருந்தாலும், அடையாளம் சொல்ல வேண்டிய அந்த இணைப்பு இல்லை.

சில போன்களில் கேபிள் சரியாக இருந்தாலும் செட்டிங்ஸில் OTG என்ற பொத்தானை இயக்கினால்தான் மின்சாரம் வரும். கொஞ்ச நேரம் எதுவும் இணைக்கப்படாவிட்டால் அது தானாகவே அணைந்தும் விடும். நேற்று வேலை செய்த பென் டிரைவ் இன்று செத்துவிட்டதுபோலத் தோன்றினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

மின்சாரம் வருகிறதா என்பதை பென் டிரைவில் உள்ள சின்ன விளக்கே காட்டிவிடும். விளக்கு இல்லாத டிரைவ் என்றால் அதே கேபிளில் ஒரு யுஎஸ்பி மவுஸை மாட்டிப் பார்க்கலாம். திரையில் அம்புக்குறி தோன்றினால் கேபிளும் போனும் நலம். ஆனால் மவுஸுக்கு வேண்டியது மிகக் குறைந்த மின்சாரம். யுஎஸ்பி 2.0 கருவி 500 மில்லி ஆம்பியர் வரையும், 3.0 கருவி 900 மில்லி ஆம்பியர் வரையும் கேட்கலாம். எல்லாப் போன்களும் அவ்வளவு தருவதில்லை. சுழலும் தட்டு கொண்ட ஹார்ட் டிஸ்க் ஓடத் தொடங்கும் நொடியில் இன்னும் அதிகமாக இழுக்கும்.

மின்சாரம் போதாதபோது தெரியும் அறிகுறி தனி ரகம். விளக்கு எரிந்து அணையும்; இணைந்ததாக அறிவிப்பு வந்து உடனே மறையும்; படங்கள் திறக்கும், பெரிய கோப்பை நகல் எடுக்கும்போது மட்டும் பாதியில் நின்றுவிடும். பேட்டரி நிறைந்திருக்கும்போது வேலை செய்து, குறைந்ததும் தகராறு செய்தாலும் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான். இதற்குத் தீர்வு, தனி சார்ஜரிலிருந்து மின்சாரம் எடுக்கும் யுஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் வைப்பது. கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு.

விளக்கு அசையாமல் எரிகிறது, போனும் டிரைவ் வந்திருப்பதை அறிவிக்கிறது, ஆனால் ஆதரவில்லை அல்லது பழுது என்கிறது என்றால் கதை வேறு. மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது. கோப்புகள் அடுக்கப்பட்ட முறைதான் போனுக்குப் புரியவில்லை.

ஓர் உதாரணம்: 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் 6 ஜிபி கல்யாண வீடியோவை ஏற்ற வேண்டும். FAT32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் விண்டோஸ் கம்ப்யூட்டர் மறுக்கிறது. உடனே டிரைவை NTFS முறைக்கு மாற்றி வீடியோவை ஏற்றிவிடுகிறார்கள். டிவியிலும் மற்றொரு கம்ப்யூட்டரிலும் அது ஓடுகிறது. போனில் மட்டும் ஓடவில்லை, ஏனென்றால் பல ஆண்ட்ராய்டு போன்கள் NTFS-ஐப் படிப்பதில்லை. இங்கே பொருத்தமானது exFAT. அதில் 4 ஜிபி தடை இல்லை. மைக்ரோசாப்ட் 2019-இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸிலும் இடம்பிடித்தது; இப்போதைய போன்களில் பெரும்பாலானவை படிக்கும். மிகப் பழைய போனுக்கு மட்டும் FAT32 வேண்டியிருக்கும். அப்போது வீடியோவைத் துண்டு போட்டுத்தான் ஆக வேண்டும்.

எந்த முறை என்று அறிய, கம்ப்யூட்டரில் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து Properties பார்த்தால் File system என்ற வரியில் இருக்கும். ஏற்கெனவே exFAT ஆக இருந்தும் போன் பழுது என்றால், முன்பு எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவைப் பிடுங்கியிருக்கலாம். டிரைவின் எழுத்து E என்றால் விண்டோஸில் இந்தக் கட்டளை பெரும்பாலும் சரிசெய்துவிடும்:

```
chkdsk E: /f
```

முறையை மாற்றுவதற்கு Format செய்ய வேண்டும். அது உள்ளிருப்பதையெல்லாம் அழித்துவிடும். விண்டோஸின் convert கட்டளை FAT32-ஐ NTFS ஆக்கும். திரும்பிவர அதில் வழி இல்லை. போன் திரையில் தோன்றும் அறிவிப்பைத் தொட்டால் வரும் Format பொத்தானும் இதே அழிவைத்தான் செய்யும். கல்யாண வீடியோவை கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைக்கும்வரை அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது.