ஓசூரில் செயலிவழி உணவு வரவழைத்தல்

ஓசூரில் செயலிவழி உணவு வரவழைத்தல் என்பது, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தொழில் நகரமான ஓசூரில், கைப்பேசிச் செயலி மூலம் உணவகத்திலிருந்து உணவை வீட்டிற்கோ பணியிடத்திற்கோ தருவிக்கும் முறையாகும். 2014இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட சுவிகியும், 2008இல் வேறு பெயரில் தொடங்கி 2010 முதல் சொமாட்டோ என வழங்கும் செயலியும் இங்கு பயன்பாட்டில் உள்ளன. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுவோர் கலந்து வாழும் எல்லை நகரம் என்பதால், தவறான உணவு வந்தால் யாரிடம், எம்மொழியில், எங்கே முறையிடுவது என்பது இங்கு தனிக் கவனம் பெறுகிறது.

கூப்பன் கழிவு

கூப்பனைப் பயன்படுத்த, உணவின் விலை ஒரு குறைந்தபட்சத் தொகையை எட்ட வேண்டும்; கழிவுக்கு ஓர் உச்சவரம்பும் இருக்கும். எடுத்துக்காட்டாக, ஒருவர் 180 ரூபாய் வீதம் இரண்டு கோழி பிரியாணியும், 140 ரூபாய்க்கு ஒரு கோபி மஞ்சூரியனும் தெரிவு செய்கிறார். மொத்தம் 500 ரூபாய். கூப்பன் 20 விழுக்காடு, உச்சவரம்பு 80 ரூபாய் எனில், 100 ரூபாய் குறையாது. 80 ரூபாயே குறையும். மீதி 420 ரூபாய்க்கு 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 21 ரூபாய். விநியோகக் கட்டணமும் செயலிக் கட்டணமும் சேர்ந்து 40 ரூபாய் எனக் கொண்டால், செலுத்த வேண்டியது 481 ரூபாய். (உணவுக்கான இவ்வரியை 1 சனவரி 2022 முதல் பெரும்பாலும் செயலி நிறுவனமே வசூலித்து அரசுக்குச் செலுத்துகிறது.)

பணியாளரைப் பின்தொடர்தல்

வரைபடத்தில் நகரும் குறி, விநியோகப் பணியாளரின் கைப்பேசி செயற்கைக்கோள் மூலம் அறிந்து அனுப்பும் இருப்பிடமே ஆகும். இணைப்பு தடைப்பட்டால் குறி நின்றுவிடும். பணியாளர் நின்றுவிட்டதாகப் பொருளில்லை. ஓசூரின் ஊடே தேசிய நெடுஞ்சாலை 44 செல்வதால், சாலையின் எதிர்ப்பக்கத்தில் மிக அருகில் தோன்றுபவர் உண்மையில் சுற்றி வர வேண்டியிருக்கலாம். சிப்காட் தொழிற்பேட்டையின் பெரிய ஆலைகளில் குறியை ஆலையின் நடுவில் வைப்பதை விட, உணவைப் பெறும் வாயிலின் மேல் வைத்து, வாயில் பெயரையும் முகவரியில் எழுதுவது நல்லது.

தவறான உணவு

பொதியைப் பிரிக்கும் முன் அதில் ஒட்டப்பட்ட சீட்டின் எண்ணைச் செயலியில் உள்ள எண்ணுடன் ஒப்பிட வேண்டும். எண் வேறாக இருப்பின், இரு வாடிக்கையாளர்களின் பொதிகளை ஒருசேரக் கொண்டுவந்த பணியாளர் மாற்றிக் கொடுத்திருக்கக் கூடும், அல்லது உணவகத்தில் பொதி மாறியிருக்கக் கூடும். எண் சரியாக இருந்து உள்ளே உணவு மாறியிருப்பின், பிழை பெரும்பாலும் சமையலறையில் நேர்ந்ததே. இரண்டாவது வகைக்குப் பணியாளரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. மூடிய பொதியைத் திறந்து பார்ப்பது அவர் வேலையன்று. சீட்டும் உணவும் ஒரே படத்தில் தெரியும்படி ஒளிப்படம் எடுத்து, உண்ணும் முன், அந்தக் கோரலின் உதவிப் பகுதியில் புகாரளிக்க வேண்டும்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் மஞ்சூரியன் மட்டும் வரவில்லை எனில், திரும்பக் கிடைப்பது 140 ரூபாயாக இருக்காது. கழிவை விலைக்கேற்பப் பங்கிட்டால், மஞ்சூரியனின் பங்கு 22.40 ரூபாய். எஞ்சிய 117.60 ரூபாயும் அதற்கான வரி 5.88 ரூபாயும் சேர்ந்து 123.48 ரூபாய் ஆகிறது.

உதவி எண்ணை இணையத்தில் தேடுவோர் போலி எண்களில் சிக்குவதுண்டு. பணம் திரும்பப் பெற இரகசிய எண் எதையும் எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

2021 மொழிச் சிக்கல்

அக்டோபர் 2021இல் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர், உணவில் ஒன்று விடுபட்டது குறித்துச் சொமாட்டோவில் முறையிட்டார். மொழி புரியாததால் உணவகத்துடன் பேச இயலவில்லை எனத் தெரிவித்த உதவிப் பணியாளர், இந்தி தேசிய மொழி, அதைச் சிறிதளவாவது அறிந்திருக்க வேண்டும் என்றார். இந்திய அரசியலமைப்பு எம்மொழியையும் தேசிய மொழி எனக் குறிப்பிடவில்லை. எதிர்ப்பு எழவே, நிறுவனம் தமிழிலும் மன்னிப்புக் கோரியது. கோயம்புத்தூரில் தமிழ் உதவி மையம் அமைத்து வருவதாகவும் கூறியது. பணிநீக்கம் செய்யப்பட்ட அப்பணியாளர் பின்னர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஒரு தட்டு உணவின் விலை இத்தனை தூரம் சென்றது, புகார் கேட்பவரும் சமைத்தவரும் பேசிக்கொள்ள முடியாததாலேயே.

அடுத்த முறையீடு

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020இன்படி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்திற்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். தீராவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.

அதற்கும் மேல் வழக்கிட விரும்புவோர், நிறுவனம் பெங்களூரில் இருப்பதால் கர்நாடகம் செல்ல வேண்டுமோ என ஐயுறுவர். தேவையில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 முறையீட்டாளர் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே வழக்கிட இடமளிக்கிறது. ஆகவே ஓசூர்வாசி கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய் வரை எனில் வழக்குக் கட்டணம் இல்லை.