முதுகுவலி உள்ளவர்கள் கார் வாங்கும்போது இருக்கையுடன் டயரையும் கவனிப்பது ஏன் அவசியம்?

நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்கள் புதிய கார் வாங்கும்போது ஒரு முரண்பாட்டை எதிர்கொள்கின்றனர். கீழ்முதுகைத் தாங்கும் வசதியும், உயரத்தை மாற்றும் வசதியும் கொண்ட இருக்கைகள் பெரும்பாலும் விலை உயர்ந்த வேரியன்ட்களில்தான் கிடைக்கின்றன. ஆனால், அவற்றில் பெரிய அலாய் சக்கரங்களே வழக்கமாகப் பொருத்தப்படுகின்றன.

சக்கரம் பெரிதாகும்போது டயரின் பக்கச்சுவர் உயரம் குறைகிறது. 215/60 R17 டயரில் அகலமான 215 மில்லிமீட்டரில் 60 சதவீதம், அதாவது 129 மில்லிமீட்டர் பக்கச்சுவர் உள்ளது. 215/55 R18 டயரில் இது சுமார் 118 மில்லிமீட்டர் மட்டுமே. பள்ளத்தில் இறங்கும்போது முதலில் வளைந்து அதிர்வை வாங்கிக்கொள்வது இந்தப் பகுதிதான். அது குறைந்தால் சிறு குழிகளின் அதிர்வும் இருக்கை வரை கூர்மையாக வந்து சேரும்.

எனவே, தேவையான இருக்கை வசதியுடன் சிறிய சக்கரம் கொண்ட நடுத்தர வேரியன்ட் உள்ளதா என முதலில் பார்ப்பது நல்லது. இடுப்பை இருக்கையின் பின்புறம் வரை நகர்த்தி அமர்ந்தால், கீழ்முதுகில் இடைவெளி இருக்கக் கூடாது. இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்பகுதிக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் இடைவெளி வேண்டும். கிளட்சை முழுமையாக மிதிக்கும்போது முதுகு சாய்மானத்தை விட்டு விலகக் கூடாது.

சோதனை ஓட்டத்துக்கு முன், டயர் காற்றழுத்தம் ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டப்பட்டுள்ள அட்டவணைப்படி உள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும். காற்று கூடுதலாக இருந்தால் நல்ல காரும் கடினமாகத் தோன்றும். ஐந்து நிமிட ஓட்டத்தில் வலி தெரியாது என்பதால், குண்டும் குழியுமான சாலை உட்பட அரைமணி நேரமாவது ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம்.