இரவு 2 மணி அலர்ட்டும் ஒரு மறுப்புக் கடிதமும்

ஐ.டி. வேலையில் இருக்கும் மகனோ மருமகளோ கல்யாண வீட்டுக்கு லேப்டாப் பையோடு வந்து, ப்ளக் பாயின்ட் இருக்கும் மூலையாகப் பார்த்து உட்காருவதைப் பலரும் பார்த்திருப்போம். அன்று அவருக்கு விடுமுறைதான். ஆனால் அந்த வாரம் அவர் ‘ஆன்-கால்’. கம்பெனியின் மென்பொருள் எங்காவது நின்றுவிட்டால் முதலில் அடிப்பது அவருடைய போன். 5 நிமிடத்துக்குள் அதை எடுத்து ‘பார்த்துவிட்டேன்’ என்று பதிலளிக்க வேண்டும். தவறினால் அழைப்பு ‘செகண்டரி’ என்ற அடுத்த ஆளுக்குப் போகும்; அவரும் எடுக்காவிட்டால் மேனேஜருக்குப் போகும். இந்த அழைப்பை மனிதர்கள் செய்வதில்லை. சர்வர்களைக் கண்காணிக்கும் ஒரு புரோகிராம், வைத்த வரம்பைத் தாண்டியதும் தானாகவே எழுப்பிவிடுகிறது. அதற்குப் பெயர் அலர்ட்.

இந்தப் பணி தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுகிறவருக்கு அந்தப் பரிமாற்றம் நடந்தாக வேண்டும். ஆனால் இந்தப் பணியை எத்தனை பேர், எவ்வளவு சுமப்பது என்ற கேள்வி பெரும்பாலான டீம்களில் கேட்கப்படுவதே இல்லை. சுமை கூடும்போது ‘முடியாது’ என்று சொல்ல நினைப்பவர்களுக்கும் எப்படிச் சொல்வது என்று தெரிவதில்லை.

விளக்கத்துக்காக ஒரு டீமை எடுத்துக்கொள்வோம். சென்னையில் 5 பேர். ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகப் பணப் பரிமாற்றங்களைக் கணக்குத் தீர்க்கும் சர்வீஸைப் பார்த்துக்கொள்கிறார்கள். வாரம் ஒருவர் பிரைமரி, ஒருவர் செகண்டரி. ஒருவர் வேலையை விட்டுப் போகிறார், இன்னொருவர் பிரசவ விடுப்பில் போகிறார். மிச்சம் 3 பேர். இந்த நேரத்தில் மேனேஜர், பக்கத்து டீமிலும் ஆள் குறைவு, அவர்களுடைய நோட்டிபிகேஷன் சர்வீஸையும் சனி, ஞாயிறுகளில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். மூவரில் ஒரு பெண் பொறியாளர் இதை மறுக்க நினைக்கிறார்.

அவர் முதலில் போட வேண்டியது ஒரு சின்ன வகுத்தல். ஒவ்வொரு வாரமும் 2 பேர் ஆன்-காலில் இருக்க வேண்டும். 5 பேர் இருந்தபோது ஒருவருடைய வாரங்களில் 40 சதவீதம் இதில் போனது. 3 பேர் ஆனதும் அது 67 சதவீதம் ஆகிவிட்டது. அதாவது மூன்று வாரங்களில் இரண்டு வாரம் அவர் போனை விட்டு நகர முடியாது. கூகுள் பொறியாளர்கள் எழுதி 2016-இல் வெளிவந்த ‘சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங்’ என்ற புத்தகம், இந்தத் துறையில் பலரும் அளவுகோலாக எடுத்துக்கொள்வது. ஒரே ஊரில் இருக்கும் டீமுக்கு, வாரமுறை ஆன்-காலுக்குக் குறைந்தது 8 பேர் வேண்டும் என்கிறது அது. காரணமும் இதே வகுத்தல்தான்: 8 பேரில் 2 பேர் என்றால் ஒருவருக்கு 25 சதவீதம்; அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்பது அவர்கள் வைத்த வரம்பு. நம் ஊர் டீம்களில் 8 பேர் கிடைப்பது அரிது என்பது உண்மை. ஆனால் 25 எங்கே, 67 எங்கே என்று மேனேஜருக்குக் காட்ட அந்த வரம்பு உதவும்.

அடுத்து அவர் எடுக்க வேண்டியது அலர்ட் பதிவேடு. எந்த அலர்ட் எத்தனை மணிக்கு வந்தது, யார் எடுத்தார், என்ன செய்தார் என்பதெல்லாம் அந்தக் கருவியிலேயே பதிவாகியிருக்கும். கடைசி 6 வாரத்தை இறக்கி, இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் வந்தவற்றை மட்டும் பிரிக்கிறார். மொத்தம் 31. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வி: எழுந்தவர் அப்போது ஏதாவது செய்ய வேண்டியிருந்ததா?

இங்கேதான் விஷயம் வெளிப்படுகிறது. 31-இல் 19 அலர்ட், ஒரு சர்வரின் டிஸ்க் 80 சதவீதம் நிரம்பிவிட்டது என்று சொன்னவை. தினமும் அதிகாலை 4 மணிக்குப் பழைய லாக் கோப்புகளை அழிக்கும் வேலை அந்தச் சர்வரில் தானாக ஓடுகிறது. ஓடியதும் டிஸ்க் பாதியாகக் குறைந்துவிடும். ராத்திரி 2 மணிக்கு எழுந்தவர் செய்தது, பார்த்துவிட்டுப் படுத்தது மட்டும்தான். இன்னொரு 7 அலர்ட், ஒரு வங்கியின் கணினி மெதுவாகப் பதில் தருகிறது என்று சொன்னவை. அது வங்கியின் பக்கத்துக் கோளாறு. காத்திருப்பதைத் தவிர வழியில்லை. உண்மையில் கை வைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தவை 5 மட்டுமே.

பார்த்துவிட்டுப் படுப்பது என்றால் சும்மா அல்ல. லேப்டாப்பைத் திறந்து, கம்பெனி நெட்வொர்க்குக்குள் நுழைந்து, இது வழக்கமான அலர்ட்தான், புதிது அல்ல என்று உறுதி செய்து, ஒரு வரி எழுதி வைக்க அரை மணி நேரம் ஆகும். கலைந்த தூக்கம் திரும்ப வர இன்னும் நேரமாகும். காலை 10 மணிக்கு ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் வழக்கம்போல நிற்க வேண்டும். இதைவிடக் கெட்ட விளைவு ஒன்று உண்டு. 19 முறை வீணாக எழுந்தவர், 20-ஆவது முறை அதே டிஸ்க் உண்மையிலேயே நிரம்பும்போது, வழக்கமானதுதானே என்று அணைத்துவிட்டுத் தூங்குவார். பெரிய கோளாறுகளுக்குப் பிறகு நடக்கும் ஆய்வுகளில், அலர்ட் முன்பே வந்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை என்ற வரி அடிக்கடி தென்படுவதற்கு இதுதான் காரணம்.

பக்கத்து டீமின் சர்வீஸை ஏற்க முடியாததற்குக் காரணம் வேறு. அந்தக் கோடை இவர் படித்ததில்லை. அந்தச் சர்வர்களுக்குள் நுழைய அனுமதி இல்லை. எது கெட்டால் என்ன செய்வது என்று எழுதிய ‘ரன்புக்’கும் அந்த டீமில் இல்லை. ஞாயிறு அதிகாலை அலர்ட் வந்தால் என்ன நடக்கும் என்று வரிசையாக எழுதிப் பார்க்கலாம். போனை எடுக்க 5 நிமிடம். உள்ளே போய்ப் பார்க்க 10 நிமிடம். தன்னால் ஆகாது என்று தெரிந்து, ரோஸ்டரில் இல்லாத, போனை சைலன்ட்டில் போட்டுத் தூங்கும் அந்த டீம்காரரைப் பிடிக்க இன்னும் 15 நிமிடம். அரை மணி நேரம் போனது, பழுதைப் பார்க்கும் வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. வாடிக்கையாளருக்கு 99.9 சதவீத நேரம் சர்வீஸ் ஓடும் என்று வாக்குக் கொடுத்திருந்தால், 30 நாள் மாதத்தில் நின்றுபோக அனுமதி சுமார் 43 நிமிடம்தான். இந்த ஏற்பாடு அதில் பெரும்பகுதியை ஒரே இரவில் தின்றுவிடும். ஆக, இவர் மறுப்பது தன் தூக்கத்துக்காக மட்டும் அல்ல. எழுப்ப வேண்டிய ஆளை விட்டுவிட்டு வேறொருவரை எழுப்பும் ஏற்பாட்டையும்தான்.

இனி அஞ்சல். ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும் சாரம் இப்படி இருந்தால் நிற்கும்:

“நோட்டிபிகேஷன் சர்வீஸின் சனி, ஞாயிறு ஆன்-காலை இப்போதைய நிலையில் என்னால் ஏற்க இயலாது. நம் சர்வீஸில் என் முறையை வழக்கம்போலப் பார்த்துக்கொள்கிறேன். 3 பேர் ரோஸ்டரில் ஒவ்வொருவரும் மூன்றில் இரண்டு வாரம் ஆன்-காலில் இருக்கிறோம். கடந்த 6 வார இரவுகளில் வந்த 31 அலர்ட்டில் 26-க்கு எழுந்தவர் செய்ய எதுவும் இருக்கவில்லை, பட்டியலை இணைத்துள்ளேன். அடுத்த வாரம் எனக்கு 2 நாள் ஒதுக்கினால் அந்த 26-ஐயும் இரவில் எழுப்பாதபடி மாற்றித் தருகிறேன். அந்த டீம் ரன்புக் எழுதி, அனுமதிகளையும் வாங்கித் தந்து, நம் ரோஸ்டரும் 5 பேராகும்போது இதை மறுபடி பேசலாம்.”

இதில் கவனிக்க வேண்டியது, அவர் தன் முறையை மறுக்கவில்லை. அதை மறுத்தால் சுமை மற்ற இருவர் தலையில் விழும். அதில் ஒருவர் கல்லூரி முடித்து வந்த புதியவராக இருந்தால் அவரால் வாய் திறக்கவும் முடியாது. கூடுதலாக ஏற்றப்படும் சுமையைத்தான் இவர் மறுக்கிறார். இந்த வேறுபாடு என் பார்வையில் மிக முக்கியமானது. நான் பார்த்தவரை, கோபத்தோடு பேசி முடிகிற மறுப்புகளில் பெரும்பாலானவை இது தெளிவாகாததால்தான் கெடுகின்றன.

மேனேஜர் சும்மா விட மாட்டார். “எல்லா டீமும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறாங்க, ஒரு மூணு மாசம்தானே, பார்த்துக்கோங்களேன்” என்பார். அப்போது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு காரணத்தை உருவாக்கினால் அது ஒரு மாதம்தான் தாங்கும்; அம்மா தேறியதும் ரோஸ்டரில் பெயர் ஏறிவிடும். உண்மையிலேயே வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால் அதை நேராகச் சொல்லி, எந்தத் தேதி வரை என்றும் சொல்லிவிடலாம். நம் பொறியாளருக்குக் கணக்கே போதும்: “மூணு மாசத்துல ஆளுக்கு நாலு வாரம் பிரைமரி, நாலு வாரம் செகண்டரி வருது. அந்த எட்டு வாரத்துல ரிலீஸ் வேலையில எதைத் தள்ளி வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க, மெயில்ல போட்டுடறேன்.” முடிவெடுக்கும் பொறுப்பு அதை எடுக்க வேண்டியவரிடமே போய்ச் சேருகிறது.

அலர்ட் வராத இரவுகளை வேலையாகக் கணக்கில் எடுக்க முடியாது என்ற பதிலும் வரலாம். 2018-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதே கேள்வியைச் சந்தித்தது. பெல்ஜியத்தின் நிவெல் நகரத்தில் ருடி மாட்சாக் என்ற தன்னார்வத் தீயணைப்பு வீரர், அழைத்தால் 8 நிமிடத்துக்குள் நிலையத்துக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு வீட்டில் காத்திருந்தார். மற்ற காரியங்களைச் செய்யும் வாய்ப்பை அந்த நிபந்தனை கடுமையாகக் குறைப்பதால், வீட்டில் காத்திருந்ததும் வேலை நேரமே என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 5 நிமிடக் கெடுவோடு ஒருவர் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது ஓய்வா வேலையா என்று யோசிக்க அது ஒரு நல்ல துணை. ஆன்-கால் படியோ ஈட்டு விடுப்போ கேட்பதற்கு இந்த வாதமே அடிப்படை.

வார இறுதியில் கம்பெனி நடத்தும் ஹேக்கத்தானை மறுப்பது இதைவிட எளிது, விருப்பம் உள்ளவர்களுக்கு என்றுதான் அதை அறிவிக்கிறார்கள். இந்த ஞாயிறு வரை நான் பிரைமரி, அதனால் கலந்துகொள்ள இயலாது, புதன்கிழமை டெமோவைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறேன் என்றால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

மறுப்பு செல்லாத இடங்களும் உண்டு. பணி நியமனக் கடிதத்தில் ஆன்-கால் பற்றிய ஷரத்து இருக்கலாம்; பேசப் போகும் முன் அதைப் படித்துவிட வேண்டும். தானே எழுதி நேற்று வெளியிட்ட மாற்றம் இன்று இரவு கெட்டால் எழுந்துதான் ஆக வேண்டும். ரோஸ்டர் வெளியான பிறகு வெள்ளிக்கிழமை மாலை மறுத்தால், காரணம் எவ்வளவு சரியானாலும் யாருடைய சனிக்கிழமையோ கெடும். அப்போது முறையை மாற்றிக்கொள்ளத்தான் கேட்கலாம்.

அந்த 2 நாளில் நம் பொறியாளர் செய்யப்போவது பெரிய வேலை அல்ல. டிஸ்க் 80 சதவீதம் ஆனதும் எழுப்பாமல், நிரம்பும் வேகத்தைப் பார்த்து, காலை வரை தாங்காது என்றால் மட்டும் எழுப்பும்படி விதியை மாற்றுவார். வங்கி மெதுவானால் போனுக்குப் பதில் காலையில் பார்க்கும் டிக்கெட்டாகப் போட வைப்பார். வங்கி முழுதாக நின்றால் மட்டும் போன் அடிக்கும். அடுத்த 6 வாரம் கழித்து அதே பதிவேட்டை மறுபடி இறக்கி, இரவு அலர்ட் 31-இலிருந்து எத்தனையாகக் குறைந்தது என்று மேனேஜருக்கு அனுப்புவார். அது 5, 6 என்று வந்து, காலியிடங்களுக்கு ஆளும் வந்து, பக்கத்து டீமின் ரன்புக்கும் கைக்குக் கிடைத்திருந்தால், அஞ்சலில் எழுதியபடி அவர் அந்த வேலையைப் பற்றி மறுபடி பேச உட்கார வேண்டும்.