விசா உறுதி, கட்டணம் குறைவு: வெளிநாட்டுப் படிப்பு விளம்பரங்களை உண்மையாக எழுதுவது எப்படி?

வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் கன்சல்டன்சிகள் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் போடும் பதிவுகளில் இரண்டு செய்திகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, விசா கிடைத்துவிடும். மற்றொன்று, செலவு அதிகமில்லை. முதலாவது கன்சல்டன்சியின் கையிலேயே இல்லாத விஷயம். இரண்டாவது பெரும்பாலும் பாதிக் கணக்கு. இவற்றைப் பொய்யில்லாமல் எழுத நல்லெண்ணம் மட்டும் போதாது. எந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓராண்டு முதுநிலைப் படிப்புக்காகச் சென்னையிலிருந்து பிரிட்டன் செல்லும் மாணவரின் வழக்கு இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

பிரிட்டன் மாணவர் விசாவை வழங்குவதும் மறுப்பதும் அந்நாட்டு உள்துறை அமைச்சகத்தின் குடிவரவுப் பிரிவு. சென்னையில் கைரேகையும் புகைப்படமும் எடுத்துக்கொள்ளும் விஎஃப்எஸ் மையத்துக்குக்கூட முடிவில் பங்கில்லை. கன்சல்டன்சி அதற்கும் ஒரு படி வெளியே நிற்கிறது. எனவே 'விசா உத்தரவாதம்', 'நூறு சதவீத விசா' போன்ற சொற்களை எந்த அடிக்குறிப்பு சேர்த்தும் உண்மையாக்க முடியாது. 'எங்களுக்கு அங்கே ஆள் இருக்கிறது' என்ற தொனியில் எழுதப்படும் பதிவு இன்னும் மோசம். அதை நம்பிப் போலி வங்கிச் சான்றோ போலிச் சான்றிதழோ வைத்துப் பிடிபடும் மாணவருக்கு விசா மறுக்கப்படுவதோடு, பத்தாண்டுகள் வரை பிரிட்டனுக்குள் நுழையத் தடையும் வரலாம்.

உத்தரவாதத்தை விட்டுவிட்டு, 'எங்கள் வெற்றி விகிதம் 91 சதவீதம்' என்று எழுதும் கன்சல்டன்சிகள் உண்டு. இது கேட்பதற்கு நேர்மையாக இருக்கிறது. ஆனால் எதில் 91 சதவீதம் என்று கேட்டால்தான் விஷயம் புரியும்.

ஒரு பருவத்தில் 120 பேர் பணம் கட்டிப் பதிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 80 பேருக்குப் பல்கலைக்கழகத்தின் ஆஃபர் லெட்டர் வருகிறது. விசாவுக்கு அது போதாது. பல்கலைக்கழகம் தனியாகத் தரும் சிஏஎஸ் என்ற சேர்க்கை உறுதிச் சான்று வேண்டும். அது 50 பேருக்குத்தான் கிடைக்கிறது. 45 பேர் விசாவுக்கு விண்ணப்பிக்கிறார்கள், 41 பேருக்குக் கிடைக்கிறது. 45-இல் 41 என்றால் 91 சதவீதம், கணக்கு சரிதான். ஆனால் பணம் கட்டிய 120 பேரை வைத்துப் பார்த்தால் அது 34 சதவீதம். பதிவைப் படிக்கிற மாணவர் நிற்பது 45 பேர் வரிசையில் அல்ல, 120 பேர் வரிசையில்.

நடுவில் ஆட்கள் உதிர்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமத்தைத் தக்கவைக்க, பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களின் விசா மறுப்பு விகிதம் 10 சதவீதத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் விதியாக இருந்தது. 2025 மே மாதம் வெளியான குடிவரவு வெள்ளை அறிக்கை அந்த வரம்பை இன்னும் இறுக்கப்போவதாக அறிவித்தது. அதனால் பல்கலைக்கழகங்களே முன்கூட்டி நேர்காணல் வைத்து, வங்கிக் கணக்கைப் பார்த்து, சந்தேகம் உள்ளவர்களுக்குச் சிஏஎஸ் தராமல் நிறுத்திவிடுகின்றன. அவர்கள் விசா வாசலுக்கே போவதில்லை. மறுப்புக் கணக்கிலும் வருவதில்லை. வடிகட்டியது பல்கலைக்கழகம், பெயர் வாங்குவது கன்சல்டன்சி.

ஆகவே விகிதம் எழுதுவதானால் நான்கு விவரங்கள் சேர்ந்தே வர வேண்டும்: எந்த நாடு, எந்தப் பருவம், எத்தனை பேர் பதிவு செய்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு விசா வந்தது. 'செப்டம்பர் சேர்க்கைக்கு எங்களிடம் பதிவு செய்தவர்கள் 120. விசாவுக்கு விண்ணப்பித்தவர்கள் 45. கிடைத்தவர்கள் 41. முடிவு பிரிட்டன் அரசுடையது' என்று எழுதினால் எண் கவர்ச்சியாக இராது. ஆனால் யாரும் எதிர்த்துக் கேட்க முடியாத எண் அது. இந்தியர்களுக்கான ஒட்டுமொத்த விசா விகிதத்தை பிரிட்டன் அரசின் புள்ளிவிவரத்திலிருந்து எடுத்துத் தங்கள் பெயருக்குக் கீழே போடுவதும் நடக்கிறது. அது கன்சல்டன்சியின் சாதனை ஆகாது. விசா கிடைத்த மாணவரின் படத்தைப் போடுவது தவறில்லை. அவருடைய எழுத்துமூல ஒப்புதல் வேண்டும், பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் மறைக்கப்பட வேண்டும். ஒரே வாரத்தில் விசா வந்த ஒருவரைக் காட்டி, எல்லோருக்கும் அப்படித்தான் வரும் என்று படிக்கும்படி எழுதக் கூடாது.

இனி கட்டணம். '15 லட்சத்தில் இங்கிலாந்தில் எம்எஸ்சி' என்ற ஒரு பதிவைப் பிரித்துப் பார்க்கலாம். லண்டனுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகம்; படிப்புக் கட்டணம் 15,000 பவுண்டு; 2,000 பவுண்டு உதவித்தொகை போக 13,000. ஒரு பவுண்டுக்கு 115 ரூபாய் என்று கொண்டால் 14 லட்சத்து 95 ஆயிரம். பதிவில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது படிப்புக் கட்டணம் மட்டும்.

2025 ஏப்ரல் 9 அன்று விசா விண்ணப்பக் கட்டணம் 524 பவுண்டாக உயர்ந்தது; இந்தக் கணக்கு அதை வைத்துத்தான். அதனுடன் ஐஎச்எஸ் எனப்படும் மருத்துவ மிகுவரி சேரும். மாணவருக்கு அது ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்புக்கு ஓராண்டுத் தொகைதான் என்று நினைத்துவிடுகிறார்கள், பதிவு எழுதுகிறவர்களும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். படிப்பு முடிந்த பின் நான்கு மாதம் வரை தங்க விசா அனுமதி தருவதால், மிகுவரி ஒன்றரை ஆண்டுக்குக் கணக்கிடப்படும்: 1,164 பவுண்டு. இந்த இரண்டும் சேர்ந்து 1,688 பவுண்டு, ஏறத்தாழ ஒரு லட்சத்து 94 ஆயிரம் ரூபாய்.

அடுத்தது வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பரிலிருந்து லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்குக் கையிருப்பு காட்ட வேண்டும். அது 10,539 பவுண்டு, சுமார் 12 லட்சத்து 12 ஆயிரம். லண்டனில் என்றால் மாதத்துக்கு 1,529. எல்லாம் கூட்டினால் 15 லட்சம் என்றது 29 லட்சத்தைத் தாண்டுகிறது. விமான டிக்கெட், காசநோய்ப் பரிசோதனை, வாடகை முன்பணம், ஒன்பது மாதத்துக்குப் பிந்தைய செலவு எதுவும் இதில் இல்லை.

செலவாகும் பணம் வேறு, காட்ட வேண்டிய பணம் வேறு. பதிவுகள் அதிகம் மறைப்பது இரண்டாவதைத்தான். இந்த மாணவர் 4,000 பவுண்டு டெபாசிட் கட்டிவிட்டார் என்றால், மீதிக் கட்டணம் 9,000, வாழ்க்கைச் செலவு 10,539, ஆக 19,539 பவுண்டு, சுமார் 22 லட்சத்து 47 ஆயிரம் ரூபாய், அவரிடமோ பெற்றோரிடமோ வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் அந்தத் தொகைக்குக் கீழே இறங்கினாலும் மறுப்புக்கு அது போதும். கல்விக் கடனுக்கு விதி வேறு. விளம்பரத்தில் பார்த்த 15 லட்சத்தை மனத்தில் வைத்து நிலத்தை அடகு வைத்த குடும்பம், டெபாசிட் கட்டிய பிறகுதான் இந்தத் தொகையைக் கேள்விப்படுகிறது. பகுதிநேர வேலையில் செலவைச் சமாளிக்கலாம் என்று எழுதுவதும் இந்த இடத்தில் உதவாது. அங்கே போய்ச் சம்பாதிக்கப்போகும் பணத்தைக் கையிருப்பாகக் காட்ட முடியாது; பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யவும் அனுமதி இல்லை.

விசா மறுக்கப்பட்டால் எது திரும்பி வரும் என்பதையும் பதிவு சொல்ல வேண்டும். விசா விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. மருத்துவ மிகுவரி திரும்பும். டெபாசிட் பல்கலைக்கழகத்தின் விதியைப் பொறுத்தது. நிர்வாகச் செலவைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருபவை உண்டு, ஆவணம் போலி என்பதால் மறுப்பு வந்தால் தராதவையும் உண்டு. கன்சல்டன்சி வாங்கிய கட்டணம் திரும்புமா என்பது அதன் சொந்த முடிவு. 'விசா இல்லையென்றால் முழுப்பணம் வாபஸ்' என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் கட்டணத்தை மட்டும்தான் சொல்கிறார்கள். படிப்பவர் எல்லாப் பணமும் வாபஸ் என்று எடுத்துக்கொள்கிறார். அந்த மயக்கத்தை வளரவிடுவதும் பொய்யின் கணக்கில்தான் வரும்.

'இலவச சேவை' என்ற சொல்லும் அப்படித்தான். மாணவரிடம் வாங்காத கன்சல்டன்சி, சேர்க்கை நடந்த பின் பல்கலைக்கழகத்திடம் கமிஷன் வாங்குகிறது. இதில் குற்றம் ஒன்றும் இல்லை, தொழில் நடப்பதே இப்படித்தான். ஆனால் கமிஷன் தரும் பல்கலைக்கழகங்கள் மட்டுமே பட்டியலில் இருக்கின்றன என்பது மாணவருக்குத் தெரிய வேண்டிய செய்தி. ஜெர்மனி பதிவுகளில் இது பளிச்சென்று தெரியும். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குவது போன்ற விதிவிலக்குகள் உண்டு. 'ஜெர்மனியில் இலவசப் படிப்பு' என்ற பதிவைப் பார்த்து அலுவலகம் வருகிறவரை, கமிஷன் தரும் தனியார் கல்லூரியின் பக்கம் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தனியாரில் சேர்ப்பதானால் பதிவிலும் தனியார் என்றே எழுத வேண்டும்.

இவை வெறும் நாகரிகம் பற்றிய விஷயங்கள் அல்ல. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே வரையறுக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறைக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். ஆணையத்தின் 2022 வழிகாட்டு நெறிகள் பொறுப்புத் துறப்புக் குறிப்பைப் பற்றித் தனியாகப் பேசுகின்றன: தவறான கூற்றைத் திருத்த அதைப் பயன்படுத்தக் கூடாது, கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ குறிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். மேலே கொட்டை எழுத்தில் தமிழில் 'விசா உறுதி', கீழே கண்ணுக்குத் தெரியாத ஆங்கிலத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று போடும் நம்மூர் வழக்கம் இரண்டு விதிகளையும் ஒரே படத்தில் மீறுகிறது.

அந்த 15 லட்சப் பதிவை இப்படித் திருத்தலாம்: 'பிரிட்டனில் ஓராண்டு எம்எஸ்சி, லண்டனுக்கு வெளியே. உதவித்தொகை போகப் படிப்புக் கட்டணம் 13,000 பவுண்டு. விசா, மருத்துவ மிகுவரி 1,688 பவுண்டு. வாழ்க்கைச் செலவுக்கு 10,539 பவுண்டு கையிருப்பு காட்ட வேண்டும். மொத்தம் சுமார் 29 லட்சம் ரூபாய், பவுண்டுக்கு 115 என்ற கணக்கில்; பயணச் செலவு தனி. விசா முடிவு பிரிட்டன் அரசுடையது. மறுக்கப்பட்டால் விசா கட்டணம் திரும்பாது. எங்களுக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது.' ஒரு படத்துக்குள் அடங்குகிற அளவுதான் இது.

இதனுடன் கணக்குப் போட்ட தேதியும் வேண்டும். விசா கட்டணம் 2025 ஏப்ரலுக்கு முன் 490 பவுண்டு. மாதக் கையிருப்புத் தொகை 2025-இல் மட்டும் இரண்டு முறை, ஜனவரியிலும் நவம்பரிலும், உயர்ந்தது. படத்துக்குக் கீழே உள்ள வாசகத்தில் தேதி போட்டால் போதாது. பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றும்போது வாசகம் விடுபட்டுப் படம் மட்டும்தான் போகும். எனவே தேதியைப் படத்துக்குள்ளேயே பதிக்க வேண்டும். கட்டணம் மாறிய அன்றே பக்கத்தில் உள்ள பழைய பதிவுகளை நீக்க வேண்டும், அல்லது அவற்றின் மேல் 'பழைய கட்டணம்' என்று குறிக்க வேண்டும்.