பழகுவதற்கு ஒரு பழைய கார்: எவ்வளவு போடலாம்?

டிரைவிங் ஸ்கூலில் கியர் மாற்றவும் வண்டியை நகர்த்தவும் சொல்லிக் கொடுப்பார்கள். மேடு ஏறும்போது முன்னால் போகிற ஆட்டோ திடீரென்று நின்றால் என்ன செய்வது, நம் தெருமுனையில் எப்படி ரிவர்ஸ் எடுப்பது என்பதெல்லாம் தினமும் ஓட்டினால்தான் கைக்கு வரும். அதனால்தான் புதுக் கார் வாங்கும் முன் ஒரு பழைய ஆல்டோவையோ வேகன் ஆரையோ வாங்கி ஒரு வருடம் ஓட்டிப் பழகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலானவர்கள் வண்டியின் விலையை மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, திருப்பி விற்கும்போது கையை விட்டுப் போகும் தொகையை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2014 மாடல் ஆல்டோ 800 ஒன்றை 1,50,000 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 8,000. இரண்டு டயர், ஒரு பேட்டரி, ஆயில் சர்வீஸ் என்று 17,000. பழகுகிறவர் கால் பாதி நேரம் கிளட்ச் மேலேயே இருக்கும் என்பதால், ஒரு வருடத்துக்குள் கிளட்ச் பிளேட் மாற்ற இன்னொரு 7,000 ஒதுக்கிவிடுங்கள். மொத்தம் 1,82,000. ஒரு வருடம் கழித்து 1,20,000-க்கு விற்றால், பழகிய செலவு 62,000 ரூபாய். பெட்ரோல் தனி.

அடுத்து வாங்கப்போவது எட்டு, பத்து லட்ச ரூபாய் கார் என்றால் இந்தச் செலவு தகும். அந்த வண்டியில் பம்பரும் கதவும் உரசி இன்ஷூரன்ஸில் கிளெய்ம் செய்தால், அடுத்த வருடம் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். ஆனால் அடுத்த கார் ஆட்டோமேட்டிக் என்று முடிவாகிவிட்டதா? அப்படியானால் கிளட்ச் பழகுவதற்காகவே இவ்வளவு செலவழிக்க வேண்டாம் என்பேன்.

60,000, 70,000-க்கு வரும் வண்டி ஆசை காட்டும். ஆர்.சி. 15 வருடம் முடிந்ததாக இருந்தால் எஃப்.சி. எடுக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும், எஃப்.சி.க்குக் கொண்டுபோகும் முன் டிங்கரிங், பெயின்ட் வேலை வரும். மெக்கானிக் ஷெட்டில் நிற்கும் வண்டியில் யாரும் ஓட்டப் பழக முடியாது. ஆர்.சி.யில் இன்னும் மூன்று வருடமாவது மீதி இருக்கும் வண்டியைப் பாருங்கள். விற்கும்போது விலை நிற்கும். பவர் ஸ்டீயரிங் இருப்பதற்குப் பத்தாயிரம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். அது இல்லாத வண்டியில் பார்க்கிங் பழகுவது தோள்பட்டைக்கு வேலை, அடுத்த காரில் உதவாது.

வாங்கப் போகும்போது, நீங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் அந்த வண்டி வேண்டாம். சமதளத்தில், முன்னால் ஆள் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு மூன்றாவது கியரில் மெல்ல கிளட்சை விடச் சொல்லுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது, விலையில் குறைத்துக் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாகத் தெரிந்தாலும், ஆறேழு வருடமான டயரை மாற்றிவிடுவது நல்லது. சென்னை வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால், அது வெள்ளத்தில் நின்ற வண்டி.

இந்த விலையில் வரும் பழைய வண்டிகள் பலவற்றில் ஏர்பேக்கும் இருக்காது, ஏ.பி.எஸ். பிரேக்கும் இருக்காது. ஊருக்குள் பழகுவதற்குப் போதும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். எல்.எல்.ஆர். மட்டும் இருக்கும்போது 'எல்' போர்டு ஒட்டி, லைசென்ஸ் உள்ளவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் ஓட்ட வேண்டும். இல்லாமல் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைகொடுப்பது சந்தேகம்.

விற்கும்போதுதான் பலர் அவசரப்படுகிறார்கள். படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் போட்டுத் தரகரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பரிவாகன் இணையதளத்தில் வாங்கியவர் பெயர் ஏறிவிட்டதா என்று நீங்களே பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அதுவரை வண்டி உங்களுடையதுதான்.